தங்கம் ஏறும்போது ஓ.ஐ. குறைந்தால்? பிப்ரவரியை மட்டும் பார்த்து நான் மாட்டிய இடம்

கொழிஞ்சாம்பாறையில் மச்சானின் நகைக்கடைக் கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் சாயங்காலம் சரக்குச் சந்தையான எம்.சி.எக்ஸ். பார்ப்பேன். ஒரு ஜனவரிக் கடைசியில் தங்கம் ஏறிக்கொண்டே போனது, பிப்ரவரி கான்ட்ராக்ட்டில் ஓப்பன் இன்ட்ரஸ்ட் தினமும் இறங்கியது. விற்றுவைத்தவர்கள் வாங்கி மூடும் ஷார்ட் கவரிங்தான், விழுந்துவிடும் என்று கோல்டு மினியில் விற்றேன். விழவில்லை. "கடையில பவன் விலை கூடிட்டே இருக்கு, நீங்க எதிர்த்து விக்கறீங்களே" என்றார் மச்சான்.

வால்யூம் என்பது இன்று கைமாறிய லாட். ஓ.ஐ. என்கிற ஓப்பன் இன்ட்ரஸ்ட் நாள் முடிவில் இன்னும் முடிக்காமல் நிற்கும் லாட். புதிதாக வாங்குபவரும் புதிதாக விற்பவரும் சேர்ந்தால் ஓ.ஐ. ஒன்று கூடும். இருவருமே பழைய கணக்கை முடித்தால் ஒன்று குறையும். ஒருவர் மட்டும் புதியவர் என்றால் மாறாது.

முதலில் எம்.சி.எக்ஸ். தளத்தில் இரவு வரும் பவ்காப்பியை, அதாவது அன்றைய விலை, வால்யூம், ஓ.ஐ. பட்டியலை, இறக்குங்கள். மொபைல் ஆப் எனக்குப் பிடிக்காது, அதில் ஒரு மாதம்தான் கண்ணில் படும். நீங்கள் மினி வாங்கினாலும் ஒரு கிலோ கான்ட்ராக்ட்டையே படியுங்கள்.

அடுத்தது, நான் வழுக்கிய படி. ஒரு கிலோ கான்ட்ராக்ட் அதன் மாதத்தின் 5ஆம் தேதி முடியும். அதற்கு முன்பே பெரிய ஆட்கள் பிப்ரவரியை மூடி ஏப்ரலுக்குப் போய்விடுவார்கள். அதனால் எல்லா மாத ஓ.ஐ.யையும் கூட்ட வேண்டும். பி, சி, டி பத்திகளில் மாதங்களைப் போட்டால்:

```
=B2+C2+D2
```

ஒரு மாதிரிக் கணக்கு. விலை ஏறிய நாளில் பிப்ரவரி 9,000லிருந்து 7,200, ஏப்ரல் 6,000லிருந்து 7,900. பிப்ரவரியை மட்டும் பார்த்தால் ஐந்தில் ஒரு பங்கு ஓடிவிட்டது. கூட்டினால் 15,000, 15,100. யாரும் பெரிதாக ஓடவில்லை, வீடு மாற்றியிருக்கிறார்கள். அன்றைய வால்யூம் 8,000லிருந்து 13,000 ஆனது என்றால் அதைக் கண்டும் மயங்காதீர்கள். 1,800 லாட் மாறும்போது இரண்டு மாதத்திலும் எண்ணப்பட்டு 3,600 ஆகிவிடும்.

அதே 13,000 வால்யூமோடு மொத்த ஓ.ஐ. 16,300 ஆகியிருந்தால் ஏற்றத்துக்குப் புதுப் பணம் வந்திருக்கிறது என்பேன். 13,800க்கு இறங்கியிருந்தால் விற்றுவைத்தவர்கள் நஷ்டத்துக்குப் பயந்து வாங்கி மூடுகிறார்கள். அவர்கள் முடித்ததும் வாங்க ஆள் இருக்குமா என்பதே அப்போதைய கேள்வி.

பின்சேர்க்கை: மினியின் ஓ.ஐ.யையும் கூட்டலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். அப்படியே கூட்டாதீர்கள், மினி 100 கிராம். பத்து மினிதான் ஒரு பெரிய லாட்.

இன்னொருவர் ஓ.ஐ. கூடியும் விலை அசையவில்லை என்றார். பிப்ரவரியை விற்று ஏப்ரலை வாங்கி இடைவெளியில் லாபம் பார்ப்பவர்களும் ஓ.ஐ.யைக் கூட்டுவார்கள். அவர்களுக்குத் தங்கம் ஏறினாலென்ன, இறங்கினாலென்ன. இரண்டு மாதமும் ஒரே அளவில் கூடிய நாளை நான் கணக்கில் எடுப்பதில்லை.