பிங் போகிறது, பக்கம் மட்டும் திறக்கவில்லை

கிளை அலுவலகங்களில் அடிக்கடி பார்க்கும் அமைப்பு இது. லேன் 192.168.10.0/24. எல்லாக் கணினிகளுக்கும் டீஃபால்ட் கேட்வே லினக்ஸ் ஃபயர்வால், 192.168.10.1. தலைமை அலுவலகத்தின் 10.20.0.0/16 நெட்வொர்க்குக்குப் போக ஒரு விபிஎன் ரவுட்டர் வருகிறது. அதற்கு 192.168.10.254 என்று ஐபி கொடுத்து, அதே சுவிட்சில் செருகிவிடுகிறார்கள். ஃபயர்வாலில் 10.20.0.0/16-க்கு ஒரு ஸ்டாட்டிக் ரூட். வேலை முடிந்தது என்று நினைப்போம். முதல் தவறு இங்கேதான் நடக்கிறது.

192.168.10.45 என்ற கணினி 10.20.5.10-இல் உள்ள வெப் சர்வரைத் திறக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் பாக்கெட்டான சின், ஃபயர்வாலுக்குப் போய் அங்கிருந்து ரவுட்டர் வழியாக சர்வரை அடைகிறது. சர்வர் அனுப்பும் சின்-ஆக் ரவுட்டருக்குத் திரும்பி வருகிறது. ரவுட்டரைப் பொறுத்தவரை 192.168.10.45 பக்கத்திலேயே இருக்கும் கணினி, ஃபயர்வாலைத் தேட வேண்டிய அவசியமே இல்லை. நேராகக் கொடுத்துவிடுகிறது. போவது ஃபயர்வால் வழியாக, வருவது அதைத் தொடாமல்.

கணினிக்கு சின்-ஆக் கிடைத்துவிட்டதால் இணைப்பு உருவாகிவிட்டது என்றே அது நம்புகிறது. உடனே ஆக் அனுப்புகிறது, தொடர்ந்து டேட்டாவும் அனுப்புகிறது. இரண்டுமே ஃபயர்வாலுக்குத்தான் வருகின்றன. ஃபயர்வாலின் கணக்கில் இந்த இணைப்பு இன்னும் `SYN_SENT` நிலையில் நிற்கிறது. சின்-ஆக் வராமலே ஆக் எப்படி வந்தது? லினக்ஸ் கான்ட்ராக் அந்தப் பாக்கெட்டுக்கு `INVALID` முத்திரை குத்துகிறது, ஃபயர்வால் அதைத் தூக்கிப் போடுகிறது. கணினியில் `ss -tn` போட்டால் `ESTAB` என்று காட்டும், Send-Q-வில் டேட்டா தேங்கி நிற்கும். சர்வரில் பார்த்தால் அதே இணைப்பு `SYN-RECV`. சர்வர் லினக்ஸாக இருந்தால் சின்-ஆக்கைத் திரும்பத் திரும்ப அனுப்பிப் பார்த்துவிட்டு, சுமார் ஒரு நிமிடத்தில் கைவிட்டுவிடும்.

இந்த நேரத்தில் எல்லோரும் செய்வது பிங். அது அழகாகப் போகும். "நெட்வொர்க்கில் பிரச்சினை இல்லை, அப்ளிகேஷன் டீமிடம் கேளுங்கள்" என்று டிக்கெட்டை அங்கே தள்ளிவிடுவார்கள். இந்தச் சிக்கலில் பிங் எதையும் நிரூபிக்காது. பிங்குக்கு மூன்று கட்டக் கைகுலுக்கல் கிடையாது. பதிலைப் பார்க்காவிட்டாலும், ஒவ்வொரு எக்கோ கோரிக்கையையும் ஃபயர்வால் புதிய இணைப்பாகவே எண்ணி, ரூல் அனுமதித்தால் விட்டுவிடும். யுடிபியில் ஓடும் டிஎன்எஸ் கேள்விகளுக்கும் இதே கதைதான். அதனால் பெயர் தெரிகிறது, பிங் போகிறது, பக்கம் மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கிறது. இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் திரும்பும் பாதையைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

அடுத்த தவறு, ரூலை இன்னும் அகலமாகத் திறப்பது. பெரும்பாலான ஃபயர்வால்களில் ரூல்கள் இந்த வரிசையில் இருக்கும்:

```
ct state invalid drop
ct state established,related accept
ip saddr 192.168.10.0/24 ip daddr 10.20.0.0/16 ct state new accept
```

மூன்றாவது வரியில் என்னதான் அனுமதி கொடுத்தாலும் பயன் இல்லை, பாக்கெட் முதல் வரியிலேயே செத்துவிடுகிறது. சரி, முதல் வரியை எடுத்துவிட்டு எல்லாவற்றையும் அனுமதித்தால்? பக்கம் திறக்கும். ஆனால் அந்தப் போக்குவரத்துக்கு ஃபயர்வால் வெறும் ரவுட்டராகிவிடும். அதோடு `INVALID` பாக்கெட்டுகளுக்கு நேட் நடக்காது, அதனால் இணையம் பக்கம் உள் ஐபியோடு பாக்கெட்டுகள் கசிய வாய்ப்பு உண்டு. `nf_conntrack_tcp_be_liberal`, `nf_conntrack_tcp_loose` இரண்டையும் மாற்றிப் பார்ப்பவர்களும் உண்டு. முன்னது டிசிபி விண்டோ கணக்கைத் தளர்த்துவது. பின்னது கணக்கிலேயே இல்லாத இணைப்பை நடுவழியில் ஏற்றுக்கொள்வது. இங்கே இணைப்பு கணக்கில் இருக்கிறது, பாதி நிலையில். இரண்டும் உதவாது.

ஊகிப்பதை விட ஃபயர்வாலிலேயே பார்த்துவிடுவது சுலபம்:

```
tcpdump -eni eth1 host 10.20.5.10 and tcp port 443
conntrack -L -d 10.20.5.10
```

`eth1` வழியாகவே உள்ளே வந்து அதன் வழியாகவே வெளியே போவதால், சின் இரண்டு முறை தெரியும், மேக் முகவரி மட்டும் மாறியிருக்கும். சின்-ஆக் கண்ணிலேயே படாது. அப்புறம் ஆக் ஒரே ஒரு முறை தெரியும்: வந்தது, போகவில்லை. கான்ட்ராக் வரியில் `SYN_SENT`, `[UNREPLIED]` இரண்டும் சேர்ந்து நின்றால் வேறு சாட்சி தேவையில்லை.

இதில் ஆட்களை ரொம்பவே குழப்பும் விஷயம் ஒன்று உண்டு. இதே அமைப்பு பல மாதங்கள் சிக்கலில்லாமல் ஓடியிருக்கும். காரணம் ஐசிஎம்பி ரீடைரக்ட். வந்த இன்டர்ஃபேஸிலேயே பாக்கெட்டைத் திருப்பி அனுப்ப நேரும்போது, "இதற்கு 192.168.10.254-இடமே போ" என்று ஃபயர்வால் கணினிக்குச் சொல்லிவிடும். கணினி கேட்டுக்கொண்டால், சின் மட்டும் ஃபயர்வால் வழியாகப் போய், ஆக்கிலிருந்து எல்லாம் நேராக ரவுட்டருக்குப் போகும். லினக்ஸ் கணினியில் பிங் போட்டால் `Redirect Host` என்ற வரி எட்டிப் பார்ப்பது இதனால்தான். அதாவது ஃபயர்வாலைச் சுற்றிக்கொண்டு போவதால்தான் இது வேலை செய்துகொண்டிருந்தது. பிறகு ஒருநாள் பாதுகாப்புப் பட்டியலைப் பார்த்து யாராவது `send_redirects`-ஐ 0 ஆக்குவார்கள். சிஐஎஸ் பெஞ்ச்மார்க் சொல்வதும் அதைத்தான். அன்றைக்கே எல்லாம் நின்றுவிடும், பழி அந்த மாற்றத்தின் மேல் விழும். ரீடைரக்டை மதிக்காத சில கருவிகள் மட்டும் ஆரம்பத்திலிருந்தே வேலை செய்யாமல் இருந்திருக்கும், அதை யாரும் பெரிதாக எடுத்திருக்க மாட்டார்கள்.

தீர்வுகளில் ஒவ்வொரு கணினியிலும் ஸ்டாட்டிக் ரூட் போடுவதை நான் கடைசியில்தான் வைப்பேன். டிஎச்சிபி ஆப்ஷன் 121 மூலம் எல்லோருக்கும் தள்ளலாம், ஆனால் பிரின்டர்களும் கேமராக்களும் அதை மதிக்கும் என்று நம்ப முடியாது. அப்படியே மதித்தாலும் ஃபயர்வால் இந்தப் போக்குவரத்தைப் பார்க்கவே பார்க்காது. இன்று இரவுக்குள் சரியாக வேண்டும் என்றால் ஃபயர்வாலில் சோர்ஸ் நேட் போடலாம். பதில் 192.168.10.1-க்கே திரும்பும், கணக்கு பொருந்தும். விலை என்னவென்றால், தலைமை அலுவலக சர்வர் லாகில் மொத்தக் கிளையும் ஒரே ஐபியாகத் தெரியும். தவிர, தலைமை அலுவலகத்திலிருந்து கிளைக்குத் தொடங்கும் இணைப்புகளுக்கு இது உதவாது. அங்கே சின் நேராகக் கணினிக்கு வந்து, சின்-ஆக் மட்டும் ஃபயர்வாலில் போய் மாட்டும்.

முறையான வழி, ரவுட்டரை லேனிலிருந்து எடுத்து ஃபயர்வாலின் தனி இன்டர்ஃபேஸிலோ தனி விலானிலோ வைப்பது. நடுவில் 172.16.99.0/30 போல ஒரு சிறிய சப்நெட் போதும். ரவுட்டரில் 192.168.10.0/24-க்கான ரூட் ஃபயர்வாலைக் காட்ட வேண்டும். இங்கேயும் ஒரு தவறு காத்திருக்கிறது: ரவுட்டரின் பழைய 192.168.10.254 முகவரியை "இருக்கட்டுமே" என்று விட்டுவைப்பது. அது இருக்கும்வரை 192.168.10.0/24 ரவுட்டருக்கு நேரடி நெட்வொர்க்தான், பதில் பழைய வழியிலேயே போகும். மாற்றிய பிறகு தற்காலிக நேட் ரூலையும், கணினிகளில் கையால் போட்ட ரூட்களையும் நீக்குங்கள். ரீடைரக்டில் கற்றுக்கொண்ட வழி சில கணினிகளில் கொஞ்ச நேரம் தங்கியிருக்கும், அதனால் உடனே பதறாமல் சில நிமிடங்கள் கழித்துச் சோதியுங்கள். கான்ட்ராக்கில் அதே இணைப்பு `ESTABLISHED`, `[ASSURED]` என்று தெரிந்தால் இரண்டு திசையும் ஃபயர்வால் வழியாகப் போகின்றன.