கரண்ட் போனதும் மோட்டார் ரூமில் ‘டம்’: பம்பிங் மெயினில் வாட்டர் ஹேமர் கணக்கு

தேவகோட்டைப் பக்கத்துக் கிராமம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஊருணிக்கரை மோட்டார் ரூமிலிருந்து மேல்நிலைத் தொட்டி வரை 1800 மீட்டருக்கு 150 மி.மீ. டிஐ பைப், அதாவது டக்டைல் இரும்புக் குழாய், சுவர் கனம் 6 மி.மீ. ஓடும் தண்ணீர் நொடிக்கு 16 லிட்டர். நடுவில் கண்மாய்க்கரையில் ஏறி இறங்குகிறது. கரண்ட் போகும்போதெல்லாம் ரூமில் ‘டம்’ என்று சத்தம். கரைமேல் உள்ள ஜாயின்ட்டில் கசிவு. ஜாயின்ட்டை எத்தனை தடவை மாற்றினாலும் தீராது, காரணம் வேறு இடத்தில் இருக்கிறது: ஓடும் தண்ணீரின் வேகம் திடீரென மாறும்போது பைப்பில் கிளம்பும் அழுத்த அலை. அதுதான் வாட்டர் ஹேமர்.

முதலில் வேகம். 16 லிட்டரைப் பைப்பின் குறுக்குப் பரப்பால் வகுத்தால் நொடிக்கு சுமார் 0.9 மீட்டர். அடுத்து, அழுத்த அலை பைப்பில் ஓடும் வேகம் a, அதனால் மாறும் அழுத்தம் h:

```
a = 1425 / sqrt(1 + (K/E) × (d/t))
h = a × V / g
```

K தண்ணீர் அமுக்கத்துக்குக் காட்டும் எதிர்ப்பு, E பைப் உலோகத்தின் விறைப்பு, d பைப்பின் விட்டம், t சுவர் கனம், V தண்ணீரின் வேகம், g புவியீர்ப்பு முடுக்கம். டிஐ பைப்புக்கு K/E சுமார் 0.012, d/t இங்கே 25. a சுமார் 1250 வரும். அப்போது h = 1250 × 0.9 / 9.81, அதாவது 115 மீட்டர் உயரத் தண்ணீர் தரும் அழுத்தம்.

இந்த 115 எப்போது முழுசாக வரும்? அலை தொட்டி வரை போய்த் திரும்ப 2 × 1800 / 1250, கிட்டத்தட்ட 2.9 நொடி. அதற்குள் பம்ப் நின்றுவிட்டால் முழுசாக வரும். சின்ன பம்ப் ஓரிரு நொடியிலேயே நின்றுவிடும்.

பலரும் அழுத்தம் ஏறுவதை மட்டும் பார்க்கிறார்கள். கரண்ட் போனால் முதலில் அது இறங்கும். பம்ப் தள்ளுவதை நிறுத்திவிடுகிறது, முன்னால் போன தண்ணீரோ போய்க்கொண்டே இருக்கிறது. கண்மாய்க்கரை உச்சியில் சாதாரணமாக 20 மீட்டர் அழுத்தம் இருந்தால், 30 மீட்டர் இறங்கினாலே வெற்றிட எல்லை வந்துவிடும். அங்கே தண்ணீர் இரண்டாகப் பிரிந்து நடுவே நீராவி நிற்கும். பிறகு பின்வாங்கும் தண்ணீர் வந்து மோதும்போது ஜாயின்ட் அடி வாங்குகிறது. மோட்டார் ரூம் சத்தம், தண்ணீர் பம்புக்குத் திரும்பாமல் தடுக்கும் என்ஆர்வி வால்வு அறைந்து மூடுவது.

சரி, என்ன பொருத்துவது? கரை உச்சியில் ஏர் வால்வு வைத்தால் காற்றை உள்ளே விட்டு வெற்றிடத்தைத் தடுக்கும். ரிலீஃப் வால்வு ஏறும் அழுத்தத்தை மட்டும் வெளியே விடும். இறங்குவதை அது தடுக்காது. இந்த இடத்துக்கு நான் சொல்வது ஏர் வெசல். என்ஆர்விக்கு அடுத்து, டீ போட்டு மெயினில் சேர்த்த மூடிய இரும்புத் தொட்டி அது. மேலே அழுத்திய காற்று, கீழே தண்ணீர். பம்ப் நின்றதும் காற்று விரிந்து தண்ணீரைக் கொடுத்து ஓட்டத்தை மெதுவாக நிறுத்தும். தண்ணீர் திரும்பும்போது காற்று சுருங்கி அதை வாங்கிக்கொள்ளும். உள்ளே வரும் வழியைக் கொஞ்சம் இறுக்கி வைத்தால் ஆட்டம் சீக்கிரம் அடங்கும். தொட்டியின் அளவை இந்த 115-ஐ வைத்து முடிவு செய்ய முடியாது. முழுப் பைப் லைனிலும் அழுத்தம் எப்படி ஏறி இறங்குகிறது என்று சர்ஜ் கணக்கு போட வேண்டும்.

பொருத்தியபிறகு தவறுவது ஒன்றுதான். காற்று கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரில் கரைந்து போகும். ஆபரேட்டர் அண்ணன் வாரம் ஒருமுறை, பம்ப் ஓடும்போது, பக்கவாட்டு மட்டக் கண்ணாடியைப் பார்க்க வேண்டும். தண்ணீர்க் கோடு குறித்த அளவைவிட மேலே ஏறியிருந்தால் கம்ப்ரஸரால் காற்று ஏற்ற வேண்டும். கண்ணாடி முழுக்கத் தண்ணீராகத் தெரிந்தால், அடுத்த மின்வெட்டில் அதே ‘டம்’ மறுபடி கேட்கும்.