நண்பனுக்கு எழுதும் தவணைக் கடிதம்: எங்கே தவறுகிறோம்?

அவசர சிகிச்சைக்காக நண்பனிடம் வாங்கிய பணத்தை எப்படித் திருப்பித் தருவேன் என்று எழுத உட்கார்ந்தால், பெரும்பாலும் முதல் பக்கம் முழுக்க நன்றியாகவே போய்விடுகிறது. "முடிந்தவரை சீக்கிரம் தந்துவிடுகிறேன்" என்று ஒரு வரி கடைசியில் வரும். அவனுக்கு அதில் ஒரு தேதியும் கிடைக்காது, கேட்கவும் கூச்சப்படுவான். நன்றிக்கு இரண்டு வரி போதும்.

முதல் சிக்கல் தொகையிலேயே தொடங்குகிறது. மருத்துவமனையில் கடன் ஒரே தடவையில் வருவதில்லை. நான் எழுதிய முதல் கடிதத்தில் 85,000 என்று போட்டிருந்தேன். சேர்க்கும்போது அவன் வங்கிக் கணக்கில் போட்ட 60,000, வீட்டுக்கு அனுப்பும் நாளில் கையில் கொடுத்த 25,000. இடையில் ஒரு இரவு நான் வார்டில் இருந்தபோது மருந்துக் கவுன்டரில் அவனே 35,000 கட்டியிருந்தான். ரசீது அவன் சட்டைப் பையில் இருந்தது, என் கணக்கில் இல்லை. அவனாக அதைச் சொல்லியிருக்கவே மாட்டான். அதனால் மொத்தத்தை மட்டும் எழுதாதீர்கள். தேதி, தொகை, எந்த வழியில் வந்தது என்று ஒவ்வொன்றையும் வரிசையாக எழுதி, "ஏதாவது விட்டுப்போயிருந்தால் சேர்த்துச் சொல்" என்று கேளுங்கள். இடையில் திருப்பிக் கொடுத்தது இருந்தால் அதையும் கழித்துக் காட்டுங்கள். என் கணக்கில் மொத்தம் 1,20,000, கொடுத்தது 12,000, பாக்கி 1,08,000.

அடுத்தது, என் அனுபவத்தில் இதுதான் பெரிய தவறு: தவணையை வெட்கத்தில் முடிவு செய்வது. சம்பளம் 48,000, மாதம் 15,000 தருகிறேன் என்று எழுதுவது கௌரவமாகத்தான் இருக்கும். ஆனால் வீட்டுச் செலவு 31,000. சிகிச்சை முடிந்தாலும் ஆறு மாதத்துக்கு மருந்தும் மறுபரிசோதனையுமாக 5,000 போகும். மிச்சம் 12,000தான். அதையும் முழுதாகக் கொடுத்துவிட்டால், அடுத்த காய்ச்சலுக்கு மறுபடி அவனிடமே போய் நிற்க வேண்டும். ஆக, முதல் ஆறு மாதம் 8,000. மருந்துச் செலவு நின்றபிறகு ஐந்து மாதம் 12,000. 48,000மும் 60,000மும் சேர்ந்தால் 1,08,000, பதினோரு மாதத்தில் முடிகிறது. மாதம் 15,000 என்றால் எட்டே மாதம்தான், ஆனால் மூன்றாவது மாதமே சறுக்கியிருப்பேன்.

காப்பீட்டுப் பணம் வரும் என்று அதையும் அட்டவணைக்குள் நுழைப்பவர்கள் உண்டு. கேட்ட தொகை முழுதும் கிடைக்கும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது, எப்போது வரும் என்பதும் நம் கையில் இல்லை. அதைத் தனி வரியாக வைப்பதே சரி. வந்தால் அவனுக்கு எவ்வளவு, எத்தனை நாளில் என்று எழுதுங்கள். அது எந்தத் தவணையில் கழியும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். கடைசித் தவணைகளில் கழித்தால் மாதாமாதம் போகும் பணம் மாறாது, கடன் மட்டும் சீக்கிரம் முடியும்.

ஒரு மாதம் தவறினால் என்ன என்பதை எழுதத் தயங்குகிறோம், அபசகுனம் மாதிரி. எழுதாமல் விட்டால்தான் அந்த மாதம் போனை எடுக்காமல் ஒளிய வேண்டியிருக்கும். "அடுத்த மாதம் இரண்டாகத் தருகிறேன்" என்றும் வேண்டாம். ஒன்றுக்கே வழியில்லாதவனுக்கு அடுத்த மாதம் இரண்டு எங்கிருந்து வரும்? தவறியதை அட்டவணையின் கடைசியில் சேர்ப்பதுதான் நடக்கக்கூடியது.

நான் இரண்டாவதாக அனுப்பிய கடிதத்தின் நடுப்பகுதி இது:

"பாக்கி 1,08,000. அடுத்த மாதம் தொடங்கி ஒவ்வொரு மாதமும் 5ஆம் தேதி உன் கணக்கில் போடுகிறேன். முதல் ஆறு மாதம் 8,000, பிறகு ஐந்து மாதம் 12,000. காப்பீட்டுப் பணம் வந்தால், வந்த ஏழு நாளுக்குள் அதை அப்படியே அனுப்புகிறேன், கடைசித் தவணைகளில் கழித்துக்கொள்வோம். ஏதாவது மாதம் முடியாது என்று தெரிந்தால் 2ஆம் தேதிக்குள் நானே சொல்வேன், அந்தத் தவணை கடைசியில் சேரும். இந்தப் பணத்துக்காக நீ எங்காவது வட்டிக்கு வாங்கினாயா? வாங்கியிருந்தால் அந்த வட்டி என்னுடையது, எவ்வளவு என்று சொல். இந்தக் கணக்கு உனக்குச் சரிப்படாவிட்டால் மாற்றி எழுதலாம்."

அந்த வட்டிக் கேள்வியை முதல் கடிதத்தில் நான் கேட்கவே இல்லை. கொடுத்தவனிடம் பணம் சும்மா கிடந்தது என்று நாமே முடிவு கட்டிவிடுகிறோம். அவன் பதில் ஒரே வரிதான்: "வட்டி இல்லை, ஆனா எட்டாவது மாசம் பொண்ணுக்கு ஃபீஸ் கட்டணும், அந்த மாசம் மட்டும் 1ஆம் தேதியே போட்டுடு." அட்டவணையில் அந்த ஒரு தேதியைத் திருத்தி, இருவரும் ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொண்டோம்.