படுத்த படுக்கையில் இருப்பவரின் உயரத்தை அளப்பது எப்படி? முழங்கால் வழியும் கை வழியும்

கோத்தகிரி, குன்னூர் பக்கம் வீடு வீடாகப் போய்ப் படுக்கை நோயாளிகளைப் பார்க்கும் செவிலியர் நான். எடையை எப்படியாவது எடுத்துவிடலாம். உயரம் கேட்டால்தான் வீட்டில் எல்லோரும் விழிப்பார்கள். "அம்மா என் தோள் உயரம் இருப்பாங்க சிஸ்டர்" என்பார் மகன். அந்தத் தோள் உயரத்தை வைத்து, உயரத்துக்கேற்ற எடை இருக்கிறதா என்று காட்டும் பி.எம்.ஐ. போட்டால், சத்துக்குறைவு எவ்வளவு என்று சரியாகத் தெரியாது. படுத்திருப்பவரைத் தலை முதல் கால் வரை டேப்பால் அளப்பதும் உதவாது. முதுகு கூன், மடங்கிப்போன இடுப்பு, நீளாத முழங்கால் எல்லாம் சேர்ந்து உயரத்தைத் தின்றுவிடும்.

அதனால்தான் முழங்கால் உயரம். குதிகாலின் அடியிலிருந்து மடக்கிய முழங்காலின் மேல்பக்கம் வரை உள்ள நீளம் அது. வயதானால் முதுகெலும்பு குறுகும், கால் எலும்பு குறுகாது.

முதலில் சாமான்கள். இதற்கென்றே நகரும் தகடு வைத்த காலிப்பர் விற்கிறார்கள், கிடைத்தால் நல்லது. இல்லாவிட்டால் உள்ளங்கை அகலத்தில் இரண்டு தட்டைப் பலகைத் துண்டு, ஒரு இரும்பு டேப், ஆசாரி வைத்திருக்கும் மூலைமட்டம் போதும். தையல் டேப்பை நான் எடுப்பதில்லை. பழசானால் இழுபடும், ஒரு பக்கம் அங்குலம், மறுபக்கம் சென்டிமீட்டர் என்று குழப்பமும் வரும்.

நோயாளியை மல்லாக்கப் படுக்க வையுங்கள். கம்பளி சாக்ஸைக் கழற்றியே ஆக வேண்டும், கெட்டி சாக்ஸ் குதிகாலில் அரை சென்டிமீட்டர் வரை கூட்டிவிடும். மலைக் குளிரில் காலையில் மூட்டு இறுகி இருக்கும். வெயில் ஏறியபின், அல்லது வெந்நீரில் துடைத்துவிட்டபின் அளந்தால் அவருக்கும் வலிக்காது. இடது கால்தான் வழக்கம். பக்கவாதம் வந்தவர் என்றால் பாதிக்கப்படாத கால். இடுப்பு எலும்பு முறிவு இருந்தாலோ, இருக்குமோ என்ற சந்தேகம் இருந்தாலோ காலை மடக்கவே வேண்டாம், நேராகக் கைக்குப் போங்கள்.

அடுத்து வருவதுதான் எல்லோரும் தடுக்கி விழும் இடம். முழங்கால், கணுக்கால் இரண்டும் 90 டிகிரியில் இருக்க வேண்டும். புதிதாக அளப்பவர்கள் பாதத்தை மெத்தையில் ஊன்றி, முழங்காலை மேலே தூக்கி மடக்குவார்கள். பார்க்கச் சரியாகத்தான் தெரியும். ஆனால் அப்படி வைத்தால் முழங்கால் 90 ஆனதும் கணுக்கால் விரிந்துவிடும், பாதம் சாய்ந்து நிற்கும். படுத்த நிலையில் இரண்டையும் ஒருசேர 90-க்குக் கொண்டுவர ஒரே வழி, காலைத் தூக்குவது. தொடை செங்குத்தாக மேலே, கெண்டைக்கால் படுக்கைக்கு இணையாக, உள்ளங்கால் சுவரைப் பார்த்து நிற்க வேண்டும். இதற்கு இன்னொருவர் வேண்டும். வீட்டு ஆளை ஒரு கையால் கெண்டைக்காலையும் மறுகையால் பாதத்தையும் தாங்கச் சொல்லுங்கள். மூலைமட்டத்தை முழங்காலின் பக்கவாட்டில் ஒரு தடவை, கணுக்காலில் ஒரு தடவை வைத்துப் பாருங்கள்.

இப்போது ஒரு பலகையை உள்ளங்காலில் வையுங்கள். அது குதிகாலில் அழுந்த வேண்டும். பலகைக்கும் குதிகாலுக்கும் நடுவே உங்கள் விரல் நுழைந்தால், பலகை கால்விரல்களில்தான் முட்டி நிற்கிறது, கணுக்கால் இன்னும் 90 ஆகவில்லை. இன்னொரு பலகையைத் தொடையின் முன்பக்கம், முழங்கால் சிப்பிக்கு நான்கு சென்டிமீட்டர் இடுப்புப் பக்கமாக வையுங்கள். சிப்பியின் மேல் வைக்கக் கூடாது. இரண்டு பலகைக்கும் இடையே, கணுக்காலின் வெளிப்புற எலும்பு முண்டையை ஒட்டிக் கெண்டைக்காலுக்கு இணையாக டேப்பைப் பிடித்துப் படியுங்கள். லேசாக அழுத்தினால் போதும், வயதானவர்களின் தோல் தாங்காது. இரண்டு தடவை அளங்கள். அரை சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம் வந்தால் மூன்றாவது தடவை. இங்கே ஒரு சென்டிமீட்டர் தவறினால் உயரத்தில் கிட்டத்தட்ட இரண்டு சென்டிமீட்டர் தவறும்.

தாங்கிப் பிடித்தால் கட்டில் ஓரத்தில் உட்காரக் கூடியவர் என்றால் வேலை சுலபம். பாதம் தரையில் முழுசாகப் படியட்டும், அதே அளவை மேலிருந்து கீழாக எடுத்துவிடலாம்.

கணக்குக்கு நான் போடுவது சம்லியா குழுவினர் 1985-இல் வெளியிட்ட சூத்திரம். அறுபது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டும். எல்லாம் சென்டிமீட்டரில்:

```
பெண்: உயரம் = 84.88 - (0.24 × வயது) + (1.83 × முழங்கால் உயரம்)
ஆண்:  உயரம் = 64.19 - (0.04 × வயது) + (2.02 × முழங்கால் உயரம்)
```

ஒரு கணக்கைப் போட்டே பார்ப்போம். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுத்து ஓய்ந்த 74 வயதுப் பாட்டி, லயன் வீட்டில் படுத்திருக்கிறார். முழங்கால் உயரம் 44.5. வயதுக்குக் கழிப்பது 17.76, முழங்காலுக்குக் கூட்டுவது 81.44. ஆக 84.88 - 17.76 + 81.44 = 148.56, அதாவது 148.5 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். எடைக்கு, மகன் பாட்டியைத் தூக்கிக்கொண்டு எடை மெஷினில் ஏறினார், 101.2 கிலோ. அவர் மட்டும் ஏறினால் 63.2. பாட்டி 38 கிலோ. பி.எம்.ஐ. சுமார் 17.2.

அதே பாட்டிக்குக் கை வழியிலும் பார்ப்போம். இரண்டு கையையும் விரித்து விரல் நுனிக்கு விரல் நுனி அளப்பதுதான் முழு வீச்சு. படுக்கையில் இருப்பவருக்கு இரண்டு தோளும் விரிவது அபூர்வம், அதனால் பாதி வீச்சு எடுப்பதே எனக்குப் பிடிக்கும். கழுத்துக்குக் கீழே, நெஞ்செலும்பின் மேல்முனையில் ஒரு குழி இருக்கும். நல்ல கையைத் தோள் மட்டத்தில் பக்கவாட்டில் நீட்டி, அந்தக் குழியிலிருந்து நடுவிரலுக்கும் மோதிர விரலுக்கும் இடைப்பட்ட கவை வரை அளங்கள். முழங்கை மடங்கினால் அளவு குறைந்துவிடும்.

```
பெண்: உயரம் = (1.35 × பாதி வீச்சு) + 60.1
ஆண்:  உயரம் = (1.40 × பாதி வீச்சு) + 57.8
```

பாட்டிக்கு 68 வந்தது, உயரம் 151.9. முழங்கால் கணக்கைவிடக் கிட்டத்தட்ட மூன்றரை சென்டிமீட்டர் கூடுதல். இதைப் பார்த்துப் பதற வேண்டாம். முழங்கால் சூத்திரத்தில் வயதுக்கென்று கழிவு இருக்கிறது, கை சூத்திரத்தில் அது கிடையாது. கை, கூன் விழுவதற்கு முந்தைய உயரத்தை ஒட்டிப் பேசும். கை கணக்குப்படி பி.எம்.ஐ. 16.5. எப்படிப் பார்த்தாலும் சத்துக்குறைவின் எல்லையான 18.5-க்குக் கீழே, பாட்டிக்குச் சாப்பாட்டைக் கூட்ட வேண்டும் என்பதில் மாற்றமில்லை. இரண்டு கணக்கும் எல்லைக்கோட்டின் இருபுறமும் விழுந்தால் மட்டும், கடந்த சில மாதங்களில் எடை குறைந்ததா என்பதைப் பார்த்து முடிவெடுங்கள்.

முழங்கால் சூத்திரம் அமெரிக்க முதியவர்களை அளந்து உருவாக்கியது. காலுக்கும் உடம்புக்கும் உள்ள விகிதம் ஊருக்கு ஊர் மாறும், நம்மூர் ஆட்களுக்குச் சில சென்டிமீட்டர் இப்படி அப்படி இருக்கவே செய்யும். மருந்தின் அளவை உயரம் வைத்து முடிவு செய்வதாக இருந்தால், இது மதிப்பீடு என்பதை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

பின்சேர்க்கை: முழங்கால் 90 வரை மடங்கவே மாட்டேன் என்கிறதே, என்ன செய்வது என்று சிலர் கேட்டிருந்தார்கள். வலுக்கட்டாயமாக மடக்காதீர்கள், பாதி வீச்சுக்குப் போங்கள். தோளும் இறுகியிருந்தால், கையை நெஞ்சின் மேல் மடக்கி வைத்து முழங்கை முனையிலிருந்து மணிக்கட்டு எலும்பு முண்டை வரை அளந்து, அதற்கான அட்டவணையில் உயரம் பார்க்கும் முறையும் உண்டு. தொடையில் நீர் கோத்து வீங்கியிருந்தாலும் முழங்கால் அளவு கூடிவிடும், அப்போதும் கைதான்.

இன்னொன்று, நோட்டில் உயரத்தை மட்டும் எழுதாதீர்கள். தேதி, எந்தப் பக்கம், முழங்காலா கையா, அளந்த எண் எவ்வளவு என்பதையும் எழுதுங்கள். ஒரு தடவை எடுத்த உயரத்தையே ஒவ்வொரு மாதமும் பயன்படுத்துங்கள். ஒவ்வொரு மாதமும் வேறு வேறு முறையில் அளந்தால், பி.எம்.ஐ. மாறியது எடையாலா டேப்பாலா என்று சொல்ல முடியாமல் போகும்.