ஸ்கிப்பிங் கயிறு காணாமல் போனது: சாதாரண வீடியோவை ஸ்லோ மோஷன் ஆக்கும் முறை

அக்கா மகள் மொட்டை மாடியில் ஸ்கிப்பிங் ஆடியதைப் போனில் எடுத்தேன். நொடிக்கு 30 ஃபிரேம், சாதாரண வீடியோ. பார்த்துவிட்டு, "கயிறு காலுக்கு அடியில போறது மெதுவா தெரியணும் மாமா" என்றாள். திரும்ப ஆடச் சொன்னால் முடியாது என்றுவிட்டாள். இருந்த வீடியோவை வைத்தே சமாளிக்க வேண்டியதாயிற்று.

30 ஃபிரேமை நான்கு மடங்கு இழுத்தால் நொடிக்கு ஏழரைதான் மிஞ்சும், படம் துள்ளும். அதனால் இரண்டு ஃபிரேமுக்கு நடுவே மூன்று புது ஃபிரேம்களைக் கணினியே வரைந்து நிரப்புகிறது. முதல் ஃபிரேமில் இருந்த ஒரு துண்டு அடுத்ததில் எங்கே போயிருக்கிறது என்று தேடும். கிடைத்தால் கால் தூரம், அரை தூரம், முக்கால் தூரம் என்று இடையில் வைக்கும்.

எடிட்டிங் மென்பொருள்களில் 'ஆப்டிகல் ஃப்ளோ' என்ற பெயரில் இது உண்டு. ஒரே ஒரு துண்டு வீடியோவுக்காக அவ்வளவு பெரிய மென்பொருளைத் திறக்க எனக்குப் பொறுமை இல்லை. கட்டளை வரியில் இயங்கும் இலவச மென்பொருளான ffmpeg போதும்:

```
ffmpeg -ss 12 -t 3 -i skip.mp4 -vf "setpts=4*PTS,minterpolate=fps=30:mi_mode=mci:mc_mode=aobmc:me_mode=bidir:vsbmc=1" -an -crf 18 slow.mp4
```

12-வது நொடியிலிருந்து 3 நொடியை எடுத்து 12 நொடியாக்கும். `-t 3` என்பது `-i`க்கு முன்னால் இருக்க வேண்டும். பின்னால் போட்டால், நீட்டிய வீடியோவில் முதல் 3 நொடி மட்டுமே கிடைக்கும். வேலை ஆமை வேகத்தில் நடக்கும். முழு வீடியோவையும் கொடுத்துவிட்டுக் காத்திருக்காதீர்கள்.

நான் ஒரு மாலை முழுக்க மாட்டிக்கொண்டது வேறொரு இடத்தில். படம் நிற்கும், வெட்டி இழுக்கும், மறுபடி நிற்கும். கட்டளையில்தான் பிழை என்று ஒவ்வொரு எண்ணாக மாற்றிப் பார்த்தேன். கடைசியில் VLC-யில் மூல வீடியோவை நிறுத்தி, E விசையைத் தட்டித் தட்டி ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்தினேன். இரண்டு தட்டலுக்கு ஒருமுறைதான் கயிறு நகர்ந்தது! முன்பே ஒரு ஆப்பில் வெட்டி, 60 ஃபிரேமில் சேமித்திருந்தேன். அது ஒவ்வொரு ஃபிரேமையும் இரட்டித்து வைத்திருக்கிறது. ஒரே மாதிரியான இரண்டு ஃபிரேமுக்கு நடுவே எதை வரைவது? அதே படத்தைத்தான் வரையும். போனிலிருந்த அசல் கோப்பை எடுத்ததும் சரியானது. அசல் இல்லாதவர்கள் `setpts=4*PTS` இருக்கும் இடத்தில் `mpdecimate,setpts=4*N/30/TB` என்று போட்டால் இரட்டை ஃபிரேம்கள் உதிர்ந்துவிடும். ஆனால் ஆள் உண்மையிலேயே அசையாமல் நிற்கும் ஃபிரேம்களும் சேர்ந்தே உதிரும்.

இனி கயிற்றுக்கு வருவோம். குழந்தை நன்றாகவே தெரிந்தாள், கயிறு பாதி நேரம் இல்லை. சில இடங்களில் இரண்டு மங்கல் கயிறுகள். கணக்குப் போட்டால் காரணம் புரியும். அவள் நொடிக்கு ஏறக்குறைய இரண்டு சுற்று சுற்றுகிறாள். ஒரு சுற்றுக்கு 15 ஃபிரேம். கயிற்றின் வளைவு ஒரு மீட்டர் ஆரம் என்றால், அடுத்தடுத்த ஃபிரேமுக்குள் அது 40 சென்டிமீட்டர் தாண்டியிருக்கும். என் வீடியோவில் அது 150 பிக்சல் சொச்சம். கட்டளையில் இடை ஃபிரேம்களை வரையும் பகுதியான minterpolate தேடும் எல்லை, நாம் மாற்றாதவரை, 32 பிக்சல்தான். `search_param` என்ற எண்ணால் அந்த எல்லையைக் கூட்டிப் பார்த்தேன். கயிறு கிடைப்பதற்குப் பதிலாகப் பின்னாலிருந்த கிரில் கேட் நெளிய ஆரம்பித்தது. கம்பிகள் எல்லாம் ஒரே மாதிரி இருப்பதால் ஒன்றை அடுத்ததென்று நினைத்துக்கொள்கிறது.

கால்களைச் சுற்றி ஜெல்லி மாதிரி ஒரு விளிம்பும் ஆடும். கால் விலகியதும் தெரிகிற தரை, முந்தைய ஃபிரேமில் காலுக்குப் பின்னால் மறைந்திருந்தது. ஒரு பக்கம் மட்டுமே ஆதாரம் இருப்பதால் அங்கே ஊகம்தான். செயற்கை நுண்ணறிவால் இடை ஃபிரேம்களை வரையும் RIFE இந்த விளிம்புகளை இன்னும் சுத்தமாகச் செய்கிறது, மெல்லிய கயிற்றில் அதுவும் தடுமாறுகிறது.

மறுவாரம் ஐஸ்கிரீமுக்கு ஒப்புக்கொண்டு மறுபடி ஆடினாள். இம்முறை வெயிலில், வெள்ளைச் சுவர் முன்னால், 60 ஃபிரேமில், ஷட்டர் 1/1000. முன்பு 1/60-இல் கயிறு 20 சென்டிமீட்டர் நீளத்துக்குப் புகையாகப் பதிந்திருந்தது. இப்போது ஒன்றரை சென்டிமீட்டர்கூட இல்லை. அதே கட்டளையில் இடைவெளிக்கு ஒரே ஒரு புது ஃபிரேம் போதும். கயிறு காலுக்கு அடியில் போவது தெரிகிறது. உச்சியில் மட்டும் இன்னும் அறுந்து ஒட்டுகிறது.

பின்சேர்க்கை: வாணவெடி வீடியோவில் வெளிச்சம் பளிச்சிடும் இடத்தில் மட்டும் படம் உறைகிறது என்று ஒருவர் எழுதியிருந்தார். பளிச்சென்ற மாற்றத்தைக் காட்சி மாறியதாக எடுத்துக்கொண்டு, அங்கே புதிதாக வரையாமல் பழைய ஃபிரேமையே திரும்ப வைக்கிறது. `vsbmc=1` என்பதற்குப் பின் `:scd=none` சேர்த்தால் உறையாது. ஆனால் அந்த வீடியோவில் உண்மையான வெட்டு இருந்தால், ஒரு முகம் இன்னொரு முகமாக உருகி ஓடும். வெட்டு இருக்கும் இடத்தில் முதலில் தனித்தனிக் கோப்பாகப் பிரித்துவிடுங்கள்.