லெவல் ஷிஃப்டரை மாட்டும் முன் ஒரு மல்டிமீட்டர் சோதனை

ஆர்டுயினோ ஊனோ 5 வோல்ட்டில் பேசும். ஈஎஸ்பி32-இன் பின்களுக்கோ உச்ச வரம்பே சுமார் 3.6 வோல்ட்தான். ஊனோவின் டிஎக்ஸ் பின்னை நேராகக் கொடுத்தால் உடனே புகை வராது. சில நாள் ஓடிவிட்டு, அந்த ஒரு பின் மட்டும் செத்துப்போகலாம். அதனால்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள்.

5 வோல்ட் சிக்னலை 3.3-ஆகவும், 3.3-ஐ 5-ஆகவும் மாற்றித் தரும் லெவல் ஷிஃப்டர்தான் இதற்குத் தேவை; நான்கு சேனல் உள்ள பிஎஸ்எஸ்138 மாட்யூல் போதும். எல்வி பின்னுக்கு 3.3, எச்வி பின்னுக்கு 5 வோல்ட், இரண்டு போர்டுக்கும் ஒரே கிரவுண்ட். சிக்னல் வயர்களை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். மாட்யூலில் இருக்கும் 10 கிலோ ஓம் புல்அப் ரெசிஸ்டர்களால், எல்வி1 பின்னில் மீட்டர் 3.3 காட்ட வேண்டும், எச்வி1-இல் 5. எல்வி1-இல் 3.3-க்குப் பதிலாக 4 வோல்ட்டுக்கு மேல் தெரிந்தால் சப்ளையை மாற்றிக் கொடுத்திருக்கிறீர்கள். ஈஎஸ்பி32 தப்பித்தது! சரி என்றால் பவரை நிறுத்திவிட்டு சிக்னல் வயர்களை மாட்டுங்கள்.

115200 வேகத்தில் சீரியலும், ஐ2சி-யும் இதில் நன்றாகவே ஓடும். ஆனால் டபிள்யூஎஸ்2812 எல்ஈடி பட்டைக்கு இதை நம்பாதீர்கள். அதன் டேட்டா 800 கிலோஹெர்ட்ஸில் போகிறது. புல்அப் வழியே சிக்னல் மெதுவாக ஏறுவதால் முனை மழுங்கி, நிறங்கள் தாறுமாறாக மின்னும். அங்கே 5 வோல்ட் கொடுத்த 74ஏஎச்சிடி125 சிப்பைப் போடுங்கள். 2 வோல்ட்டைத் தாண்டினாலே அது ‘ஹை’ என்று எடுத்துக்கொள்ளும்.