இன்டர்வியூவுக்கு முன்பே சம்பளம் கேட்பது: எங்கே கோட்டை விடுகிறோம்?

மதியம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது போன் வரும். "நௌக்ரில உங்க ப்ரொஃபைல் பார்த்தோம். கரன்ட் சி.டி.சி. எவ்ளோ, எக்ஸ்பெக்டட் எவ்ளோ, நோட்டீஸ் பீரியட் எத்தனை நாள்?" என்று ஒரே மூச்சில் மூன்று கேள்வி. நம்மில் பெரும்பாலோர் மூன்றுக்கும் பதில் சொல்லிவிட்டு போனை வைத்துவிடுகிறோம். அந்த வேலைக்கு எவ்வளவு ஒதுக்கியிருக்கிறார்கள் என்று நாம் கேட்கவே இல்லை. முதல் தவறு இதுதான்.

பதில் சொல்ல மறுக்க வேண்டியதில்லை, வரிசையை மாற்றினால் போதும். "சொல்றேன் மேடம். இந்த ரோலுக்கு பட்ஜெட் எவ்ளோன்னு சொன்னீங்கன்னா, ரெண்டு பேருக்கும் ஒத்துவருமான்னு இப்பவே பார்த்துடலாம்." 'பட்ஜெட்' என்ற சொல்லையே பயன்படுத்துங்கள். ஆள் எடுக்க ஒப்புதல் வாங்கும்போதே பெரும்பாலும் தொகையும் முடிவாகியிருக்கும், எச்.ஆர். தமக்குள் பேசிக்கொள்வதும் இதே சொல்லில்தான். இதையே டெக்னிக்கல் ரவுண்டில் இருப்பவரிடம் கேட்பது வீண். அவருக்குப் பெரும்பாலும் தெரியாது, தெரிந்தாலும் சொல்லமாட்டார்.

"கம்பெனி ஸ்டாண்டர்ட்ஸ் படி தருவோம்" என்று பதில் வந்தால் அதோடு விட்டுவிடாதீர்கள். நீங்களே ஒரு கீழ் எல்லையைச் சொல்லுங்கள்: "ஃபிக்ஸட் பதினாறுக்குக் கீழே என்றால் எனக்குச் சரிவராது. அது உங்கள் பட்ஜெட்டுக்குள் வருமா?" எண்ணைச் சொல்லத் தயங்குகிறவர்கள்கூட இதற்கு ஆம், இல்லை என்று சொல்லிவிடுவார்கள்.

அந்தக் கேள்வியில் 'ஃபிக்ஸட்' என்ற சொல்லை விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு எனக்குத் தெரிந்த ஒரு டெவலப்பர் உதாரணம். அவருக்கு அப்போது சி.டி.சி. 14.5 லட்சம், வேரியபிள் கிடையாது. புது இடத்தில் ரேஞ்ச் கேட்டார், "பதினெட்டு வரை" என்றார்கள். ஒரு ஆன்லைன் டெஸ்ட், மூன்று ரவுண்டு, இரண்டு நாள் லீவு. கடைசியில் ஆஃபர் சரியாகப் பதினெட்டு லட்சத்துக்கே வந்தது. வீட்டில் ஸ்வீட் எல்லாம் வாங்கிவிட்டார்கள். அப்புறம்தான் பிரேக்கப்பைப் பார்த்தார்.

பதினெட்டில் 15 சதவீதம், அதாவது 2,70,000 வேரியபிள். ஒரு லட்சம் ஜாயினிங் போனஸ். அது முதல் வருஷத்தோடு சரி, ஒரு வருஷத்துக்குள் விலகினால் திருப்பித் தரவேண்டும். மீதி 14,30,000. மாதப் பேஸிக் 50,000 என்பதால் கம்பெனி கட்டும் பி.எஃப். பங்கு 12 சதவீதம், வருஷத்துக்கு 72,000. கிராஜுவிட்டிக்காக பேஸிக்கில் 4.81 சதவீதம், 28,860. நிரந்தர ஊழியருக்கு அது பொதுவாக ஐந்து வருஷம் வேலை பார்த்தால்தான் கைக்கு வரும். இவை போக மிச்சம் 13,29,140; மாதத்துக்குச் சுமார் 1,10,760.

பழைய வேலையிலும் பேஸிக் அதே 50,000தான். 14.5 லட்சத்தில் அதே பி.எஃப்., கிராஜுவிட்டியைக் கழித்தால் மாதத்துக்குச் சுமார் 1,12,430. அவருடைய பி.எஃப். பங்கும் வரியும் பிடிப்பதற்கு முந்தைய கணக்கு இது. மூன்றரை லட்சம் ஏறியதாக நினைத்தவருக்கு மாதச் சம்பளம் ஆயிரத்து எழுநூறு ரூபாய் குறைந்திருக்கிறது! வேரியபிள் முழுசாக வந்தால் லாபம்தான். ஆனால் அது கம்பெனியின் லாபத்தையும் அவருடைய ரேட்டிங்கையும் பொறுத்தது; வீட்டு இ.எம்.ஐ. அதற்கெல்லாம் காத்திருக்காது.

எச்.ஆர். இதில் பொய் எதுவும் சொல்லவில்லை, கேட்ட கேள்விக்குத்தான் பதில் சொன்னார்கள். முதல் போனிலேயே கேட்டிருக்க வேண்டியவை இரண்டு: பதினெட்டில் ஃபிக்ஸட் எவ்வளவு? ஜாயினிங் போனஸ் அதற்குள்ளா, வெளியிலா?

"12லேர்ந்து 18 வரை" என்றால் நம் காதில் பதினெட்டு மட்டும்தான் விழுகிறது. அந்த மேல் முனையை, வேலைக்குக் கேட்டிருப்பதை எல்லாம் ஏற்கெனவே செய்து பழகியவருக்கென்று வைத்திருப்பார்கள். "ஆறு வருஷ அனுபவத்துக்கு இதில் எங்கே வைப்பீர்கள்?" என்று உடனே கேட்டுவிடுங்கள். "அது இன்டர்வியூ பெர்ஃபார்மன்ஸைப் பொறுத்தது" என்றால், நடுவில் 15 என்று வைத்துக்கொண்டு, அதற்கு நீங்கள் போவீர்களா என்று பாருங்கள்.

அழைத்தவர் கம்பெனி எச்.ஆரா, கன்சல்டன்சி ஆளா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். கன்சல்டன்சி சொல்லும் எண் சில சமயம் கம்பெனிக்கே தெரியாது. யாராக இருந்தாலும் போனை வைத்த கையோடு ஒரு மெயில் போடுங்கள்:

"இன்று பேசியபடி, இந்த ரோலுக்கு ஃபிக்ஸட் 16 முதல் 18 லட்சம், வேரியபிள் தனி என்று புரிந்துகொண்டேன். சரியென்றால் உறுதிப்படுத்துங்கள், வியாழக்கிழமை முதல் ரவுண்டு வைத்துக்கொள்ளலாம்."

அந்த டெவலப்பர் இப்போது இதைத்தான் அனுப்புகிறார். பதில் வராத இடத்துக்கு லீவு போடுவதில்லை.